'நியாய விலை' அறிக்கைக்குக் காசு கொடுக்கும் முன் ஒரு வகுத்தல் கணக்கு

பங்கு ஆய்வு அறிக்கைகளைச் சந்தாவுக்கு விற்கும் ஒரு நிறுவனம் என்னை ஏமாற்றியது. பெயர் சொல்லப் போவதில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதே வேலையை வேறு அறிக்கைகளிலும் பார்க்கிறேன்.

ஒரு பங்கின் நியாய விலை 218 என்று அறிக்கை சொன்னது. அப்போது சந்தையில் விலை 160. அடுத்த ஆண்டு எதிர்பார்க்கும் லாபம் பங்குக்கு 10. அதற்கு 21.8 மடங்கு கொடுக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆதாரமாகக் காட்டியது டிவிடெண்ட் வளர்ச்சி மாடல், அதாவது மைரன் கார்டன் பெயரால் அறியப்படும் சூத்திரம்:

```
P0 / E1 = (1 - b) / (r - g)
```

P0 பங்கின் இன்றைய விலை, E1 அடுத்த ஆண்டு பங்குக்கான லாபம்; ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வருவதுதான் மடங்கு. b என்பது லாபத்தில் நிறுவனம் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பகுதி. மீதி டிவிடெண்டாக வெளியே போகிறது. r முதலீட்டாளர் எதிர்பார்க்கும் வருமானம், g டிவிடெண்டின் நிரந்தர வளர்ச்சி. சூத்திரத்தில் தப்பில்லை. அதில் போட்ட எண்களில்தான் இருக்கிறது விஷயம்.

முதல் தில்லுமுல்லு சின்னது. 60% டிவிடெண்ட், r 12%, g 9% என்று வைத்தால் 0.60 / 0.03, அதாவது 20 மடங்கு. இது அடுத்த ஆண்டு லாபத்தோடு பெருக்க வேண்டிய மடங்கு. அவர்கள் இதை மேலும் 1.09-ஆல் பெருக்கி 21.8 ஆக்கியிருந்தார்கள். அந்த மடங்கு கடந்த ஆண்டு லாபத்துக்கு உரியது. அதை எடுத்து அடுத்த ஆண்டு லாபத்தோடு பெருக்கினால் ஒரே வளர்ச்சியை இரண்டு தடவை எண்ணியதாகிவிடும். இதைத் திருத்தினாலே 218 என்பது 200 ஆகிறது.

பெரிய கோளாறு அடுத்தது. 9% வளர்ச்சிக்குப் பணம் எங்கிருந்து வரும்? நிறுவனம் புதுப் பங்கு விற்காமல், கடன் விகிதத்தை ஏற்றாமல் வளர வேண்டுமானால், தன்னிடம் வைத்துக்கொண்ட லாபத்தை வைத்துத்தான் வளர முடியும். அதனால் g = b × ROE. ROE என்பது பங்குதாரர் மூலதனத்தின் மேல் நிறுவனம் ஈட்டும் லாப விகிதம். இந்த நிறுவனத்தின் ROE பல ஆண்டுகளாக 15% அருகிலேயே இருந்தது. 60% டிவிடெண்ட் கொடுத்தால் கையில் நிற்பது 40%. வளர்ச்சி 0.40 × 15, அதாவது 6% தான். அப்போது மடங்கு 0.60 / 0.06 = 10, விலை 100.

சரி, 9% வளர்ச்சிதான் வேண்டும் என்றால்? 60% லாபத்தை உள்ளேயே வைக்க வேண்டும், டிவிடெண்ட் 40% ஆகக் குறையும். மடங்கு 0.40 / 0.03 = 13.3, விலை 133. அறிக்கையோ 60% டிவிடெண்டையும் 9% வளர்ச்சியையும் ஒன்றாக வைத்திருந்தது. அது நடக்க ROE 22.5% ஆக இருக்க வேண்டும். அந்த எண் அறிக்கையில் எங்குமே இல்லை.

அப்புறம் நடந்தது இதுதான். நிறுவனம் விரிவாக்கத்தை அறிவித்தது, டிவிடெண்டை 40%-க்குக் குறைத்தது, பங்கு 140-க்குக் கீழே இறங்கியது. என்ன ROE வைத்தீர்கள் என்று எழுதிக் கேட்டேன். 'வளர்ச்சி அதிகமென்றால் மடங்கும் அதிகம்தான்' என்று பதில் வந்தது. சந்தாப் பணம் திரும்பவில்லை.

அந்தப் பதில் பாதிதான் உண்மை. ROE-யும் r-உம் ஒன்றாக 12% என்று வையுங்கள். 25% லாபத்தை உள்ளே வைத்தால் வளர்ச்சி 3%, மடங்கு 0.75 / 0.09 = 8.33. 50% வைத்தால் வளர்ச்சி 6%, மடங்கு 0.50 / 0.06 = அதே 8.33. வளர்ச்சி இரட்டிப்பானாலும் மடங்கு அசையவில்லை. ROE, r-ஐ விட உயர்ந்தால்தான் வளர்ச்சி மடங்கைக் கூட்டும். குறைந்தால் வளர வளர மடங்கு தேயும். கடனை ஏற்றி ROE-யை உயர்த்தினாலும் ஆபத்து கூடுவதால் r-உம் ஏறும், ஆதாயம் அந்த வழியில் கரையும்.

r-க்கும் g-க்கும் நடுவில் 3% மட்டுமே இருக்கும்போது r-ஐ 11% என்று மாற்றினால் 20 மடங்கு 30 ஆகிவிடும். எந்த விலையை வேண்டுமானாலும் நியாயப்படுத்த இந்தச் சின்ன இடைவெளி போதும். மேலும் g என்பது நிரந்தரத்துக்குமான எண். பொருளாதாரத்தின் மொத்த வளர்ச்சியைவிட ஒரு நிறுவனம் என்றென்றைக்கும் வேகமாக வளர முடியாது. வேகமான ஆண்டுகள் இருந்தால் அவற்றைத் தனிக் கட்டமாகப் போட வேண்டும், g-க்குள் திணிக்கக் கூடாது.

ஆகவே உங்கள் கையில் அறிக்கை வந்ததும் g-ஐ, டிவிடெண்ட் போக மீதியால் வகுத்துப் பாருங்கள். வருவது அவர்கள் சொல்லாமல் விட்ட ROE. அதே ஆட்கள் இப்போது விற்கும் புது அறிக்கையில் டிவிடெண்ட் 70%, வளர்ச்சி 8%. 8 / 0.30 என்றால் 26.7% வருகிறது. அந்த நிறுவனம் ஈட்டுவது 14%.