-0.75 லைனில் என் 5,000-ஐ முழுங்கிட்டாங்க: ஆசியன் ஹேண்டிகேப் புதுசா பார்க்கிறவங்க கவனம்

மேட்ச் முடிஞ்சதிலிருந்து கொதிச்சுக்கிட்டு இருக்கேன். ஏமாத்தினது ஒரு ஆன்லைன் பெட்டிங் தளம், பேர் வேண்டாம். கணக்கைச் சொல்றேன், நியாயம் யார் பக்கம்னு நீங்களே பாருங்க.

ஆசியன் ஹேண்டிகேப்னா, பலமான டீமோட கோல் கணக்கில் முன்கூட்டியே கொஞ்சம் கழிச்சுடுவாங்க. -0.5 எடுத்தா அந்த டீம் ஜெயிச்சே ஆகணும், டிரா ஆனா பணம் போச்சு. -1 எடுத்தா ரெண்டு கோல் வித்தியாசம் வேணும். சரியா ஒரே கோல்ல ஜெயிச்சா லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, போட்ட பணம் அப்படியே திரும்பணும். இது ரெண்டுக்கும் நடுவில் இருக்கிற -0.75 பார்க்க ஒரு பந்தயம், உள்ளே ரெண்டு. பணத்தில் பாதி -0.5-க்குப் போகும், பாதி -1-க்குப் போகும்.

நான் போட்டது 10,000, ஆட்ஸ் 1.90. போடறதுக்கு முன்னாடியே அவங்க சாட்டில் கேட்டேன், ஒரு கோல்ல ஜெயிச்சா என்ன ஆகும்னு. "பாதி ஜெயிச்சுடும் சார், மீதிப் பாதி உங்களுக்கே திரும்ப வந்துடும்"னு பதில் வந்தது. இதைவிடச் சரியா யாரும் சொல்ல முடியாது. அதை நம்பித்தான் போட்டேன்.

மேட்ச் 2-1. -0.5-ல் இருந்த 5,000 ஜெயிச்சு 9,500 ஆகணும், -1-ல் இருந்த 5,000 திரும்பணும், மொத்தம் 14,500. வந்தது 9,500 மட்டும். திரும்பி வர வேண்டிய 5,000-ஐக் காணோம்!

கேட்டா, முதல்ல "சிஸ்டம் தானா கணக்குப் போடுது சார்". அப்புறம் "டெக்னிக்கல் டீமுக்கு அனுப்பியிருக்கோம்". கடைசியா வாய் கூசாம, "ஒரு கோல் வித்தியாசம்னா ஹேண்டிகேப் டிரா, டிராவுக்குப் பணம் கிடையாது"ன்னாங்க. அது யூரோப்பியன் ஹேண்டிகேப் விதி. அங்கேதான் டிரா தனி முடிவு, அதுக்குத் தனி ஆட்ஸ் இருக்கும். ஆசியன்ல டிராங்கிற முடிவே கிடையாது, அதனாலதான் பணம் திரும்புது. இதை எழுதினதும் சாட்டையே மூடிட்டாங்க. 5,000 சார், சும்மா விட முடியுமா?

ஓவர் அண்டர்லயும் இதே வெட்டு நடக்கலாம். 2.5-ல் சிக்கல் இல்லை: ரெண்டு டீமும் சேர்ந்து மூணு கோல் அடிச்சா ஓவர், இல்லைன்னா அண்டர். 2.25-னா பாதி 2-ல், பாதி 2.5-ல். சரியா ரெண்டு கோல் விழுந்தா, ஓவர் எடுத்தவருக்குப் பாதி திரும்பணும், பாதி போகும். அண்டர் எடுத்தவருக்குப் பாதி ஜெயிக்கும், பாதி திரும்பும். அந்தத் "திரும்பும்" பாதியைத்தான் அமுக்கறாங்க.

இன்னும் நிறைய எழுதணும்னு நினைச்சேன், இப்போ முடியலை. விதிகள் பக்கத்தில் -1-க்கு ஒரு கோல் வெற்றின்னா பணம் திரும்பும்னு எழுதியிருக்கான்னு பாருங்க, இல்லைன்னா தொடாதீங்க. பெட் ஸ்லிப்பையும் சாட்டையும் மேட்ச் தொடங்கும் முன்னாடியே ஸ்கிரீன்ஷாட் எடுத்துடுங்க. ஓடிக்கிட்டிருக்கிற மேட்ச்ல ஹேண்டிகேப் போட்டா, வழக்கமா அதுக்கு முன்னாடி விழுந்த கோல் கணக்கில் வராது. எக்ஸ்ட்ரா டைம் கோலும் பெரும்பாலும் சேராது, அதையும் விதியில் பார்த்துக்கோங்க.