வாட்ஸ்அப்பில் ஆர்டர் செய்வதைக் காட்டும் வீடியோ: திரைப்பதிவா, கேமராவா?

இட்லிப் பொடி விற்கும் ஒருவர், முதல்முறை வாங்குபவர்களுக்காக ஒரு நிமிட வீடியோ எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடையின் சாட்டைத் திறப்பது, மேலே உள்ள கடைப் படத்தைத் தட்டிக் கேட்டலாக் பார்ப்பது, கால் கிலோ பொடியைக் கார்ட்டில் சேர்ப்பது, ஆர்டரை அனுப்புவது, முகவரி தட்டுவது, பணம் கட்டுவது. இவ்வளவுதான்.

திரைப்பதிவில் எழுத்து பளிச்சென்று தெரியும். ஆனால் விரல் தெரியாது. பட்டன் தானாக அமுங்கிப் பக்கம் மாறுவதுபோல் இருக்கும். எங்கே தட்டினார் என்று புதியவருக்குப் புரியாது. பல ஆண்ட்ராய்டு போன்களில் பதிவைத் தொடங்கும்போதே தொடுமிடத்தைக் காட்டும் வசதி இருக்கிறது, அதை ஆன் செய்தால் ஒரு புள்ளி தெரியும். இன்னொரு சிக்கல், பணம் கட்டும் இடம். பல யுபிஐ செயலிகள் திரைப்பதிவைத் தடுப்பதால் அங்கே கறுப்புத் திரைதான் கிடைக்கும். நடுவில் ஓடிபி வந்து விழுந்தால் அதுவும் பதிவாகிவிடும்.

இன்னொரு போனால் மேலிருந்து எடுத்தால் விரல் போகும் வழி அப்படியே தெரியும். டியூப்லைட் கண்ணாடியில் அடிக்கும், எழுத்து மங்கும். ஜன்னலோரம் வைத்து, ஃபோகஸைப் பூட்டி எடுத்தால் ஓரளவு சரியாகும்.

பெரியவர்கள் அதிகம் வாங்கும் கடையென்றால் நான் கேமராவைத்தான் சொல்வேன். எதுவானாலும் வாடிக்கையாளர் போனிலிருந்து எடுங்கள். கடைக்காரரின் பிசினஸ் செயலியில் திரையே வேறு.