பெயரை எடுப்பதா, வசனத்தையே மாற்றுவதா?

மட்டக்களப்பில் எருமைத் தயிர் விற்கும் ஒரு கடைக்கு வானொலி விளம்பரம் எழுதினேன். "பக்கத்துக் கடைபோல மா கலக்காத சட்டித் தயிர்" என்பது முதல் வரி. சட்டத்தரணி அதில் சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பினார்.

ஒரு வழி, "பக்கத்துக் கடை" இருந்த இடத்தில் "சிலர்" என்று போடுவது. வேலை சுலபம், குத்தலும் மிஞ்சும். ஆனால் அந்தத் தெருவில் தயிர்க்கடை இரண்டே இரண்டு. பெயர் சொல்லாவிட்டாலும் ஆள் யாரென்று கேட்பவருக்கு விளங்கினால் அவதூறு வழக்குக்கு இடமுண்டு. "நாங்கள் மா கலப்பதில்லை" என்று சுருக்கினாலும், "அப்ப யார் கலக்கிறது?" என்றுதான் சனம் கேட்கும்.

மற்ற வழி, நம் சட்டியை மட்டும் பேசுவது: "எங்கள் சட்டியில் இருப்பது இரண்டே: எருமைப் பால், உறைமோர்." சொல்ல வந்தது அப்படியே இருக்கிறது. யாராவது கேட்டால் பால் வாங்கிய பற்றுச்சீட்டையும் தயிரின் ஆய்வுகூட அறிக்கையையும் காட்டலாம்.

"காரம் போயிட்டுதே தம்பி" என்றார் முதலாளி. கொஞ்சம் போனதுதான். இருந்தும் நான் இதையே எடுத்தேன். ஒலிப்பதிவில் அறிவிப்பாளர் "எங்கள்" என்பதை அழுத்தி இழுத்தார். எடுத்துவிட்ட குத்தல் குரலில் திரும்பி வந்தது. சரி, மறுபடி பதிவு.