நாலு லேயர் தண்ணீர்த் தொட்டி என்று நம்பி 8,400 ரூபாய் போச்சு

நேற்று காலை மாடிக்குப் போனால் தளமெல்லாம் தண்ணீர். தொட்டியின் தெற்குப் பக்கம், அடியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் விரிசல். முந்தின நாள்தான் லாரித் தண்ணீர் வாங்கி நிரப்பியிருந்தோம். எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் புரியும்.

வாங்கி 16 மாதம்தான் ஆகிறது. 8,400 ரூபாய்.

ராமநாதபுரத்தில் ஒரு ஹார்டுவேர் கடை. ஸ்டீல் தொட்டி வாங்கலாம் என்றுதான் போனேன். "கடல் காத்துக்கு ஸ்டீல் புள்ளி புள்ளியா அரிச்சிரும் தம்பி, இது நாலு லேயர், வெயிலுக்கு அசையாது, அஞ்சு வருஷம் கியாரண்டி. என் வீட்லயும் இதுதான்" என்றார் கடைக்காரர். உப்புக் காற்று பற்றி அவர் சொன்னது உண்மைதான். அதனாலேயே மற்றதையும் நம்பினேன். கியாரண்டி கார்டைக் கேட்டதற்கு, "சீல் அப்புறம் போட்டுத் தரேன், எங்க ஓடிரப் போறேன்" என்றார்.

இறக்க வந்த பையன் ஒருத்தனே ஆயிரம் லிட்டர் தொட்டியைத் தோளில் வைத்து சர்ரென்று மாடி ஏறினான். அன்றைக்கு அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உறைத்திருக்க வேண்டிய இடமே அதுதான். எடை இல்லையென்றால் சுவரில் பிளாஸ்டிக் இல்லை என்று அர்த்தம்.

எட்டாம் மாதம் உள்ளே பச்சைப் பாசி. மூடியைப் போட்டுவிட்டு உள்ளே பார்த்தால் சுவர் வழியாக வெளிச்சம் தெரிந்தது. அப்புறம், கையால் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி. வெயில் பிளாஸ்டிக்கைத் தின்கிறது என்பதற்கு முதல் அடையாளம் அந்தப் பொடிதான்.

நேற்று பிளம்பர் விரிசல் ஓரத்தில் ஒரு துண்டு அறுத்துக் காட்டினார். வெளியே காகிதம் போல ஒரு வெள்ளைத் தோல். உள்ளே எல்லாம் பழைய பிளாஸ்டிக்கை உருக்கிய சாம்பல் நிறம், நடுநடுவே காற்றுக் குமிழ். நாலு லேயர் எங்கே?

கடைக்குப் போன் போட்டேன். "அடித்தளம் சமமா இருந்திருக்காது." தொட்டி நிற்பது மட்டம் பார்த்துப் போட்ட கான்கிரீட் மேடையில் என்றேன். "கம்பெனிக்குப் பேசுங்க" என்றார். கம்பெனிக்காரர்கள் சீல் இல்லாத கார்டு செல்லாது என்று வைத்துவிட்டார்கள். மறுபடி கடைக்குப் போட்டால் எடுக்கவே இல்லை. 8,400 ரூபாய், லாரித் தண்ணீர்க் காசு தனி.

வாங்கப் போகிறவர்களுக்கு: லேயர் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள், எடையைக் கேளுங்கள். அதே லிட்டரில் இரண்டு மூன்று தொட்டிகளைத் தூக்கிப் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையில் IS 12701 என்ற எண்ணும் CM/L என்று தொடங்கும் லைசென்ஸ் எண்ணும் இருக்கிறதா பாருங்கள், அந்த லைசென்ஸ் எண்ணை BIS Care ஆப்பில் போட்டுச் சரிபாருங்கள். குழாய்க்கு ஓட்டை போடும்போது விழும் வட்டத் துண்டை வாங்கி அதன் ஓரத்தைப் பாருங்கள். கியாரண்டி கார்டில் சீலும் தேதியும் விழாமல் பணத்தை எடுக்காதீர்கள்.