மொட்டைமாடி உணரிக்கு எந்த சார்ஜர்: TP4056 ஆ, CN3791 ஆ?

வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி மட்டத்தை அறிய ஓர் உணரி வைத்திருக்கிறேன். ESP32, 600 மில்லி ஆம்பியர் மணிநேர லித்தியம் பற்றரி, 6 வோல்ட் 1 வாட் சூரியத் தகடு, அவ்வளவுதான். மொட்டைமாடிக் கதவின் திறப்பு வீட்டுக்காரரிடம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவரிடம் காரணம் சொல்லி வாங்க வேண்டும். அதனால் எனக்கு எது திறமையான சார்ஜர் என்பதைவிட, எது என்னை மேலே ஏறவிடாது என்பதே கேள்வி.

சார்ஜருக்கு முன் செலவுக் கணக்கு. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை விழித்து, நாலு விநாடி வைஃபையில் பேசினால், நாளுக்கு 144 முறை, மொத்தம் 576 விநாடி. சராசரி 100 மில்லி ஆம்பியர் என்றால் 16 மில்லி ஆம்பியர் மணிநேரம். இது சிறு காசு. பெரிய காசு தூக்கத்தில் போனது. பழகிப் பார்க்கும் பலகையில் எரியும் சிறு விளக்கும் AMS1117 சீராக்கியும் யூஎஸ்பி சில்லுமாகச் சேர்ந்து, ESP32 சில்லு உறங்கும்போதும் 9 மில்லி ஆம்பியர் குடித்தன. நாளுக்கு 216. அந்தக் கணக்கில் இரண்டு நாள் அடைமழைக்கே பற்றரி படுத்துவிட்டது. விளக்கை எடுத்து, யூஎஸ்பி இல்லாத பலகைக்கு மாறி, தானே குறைவாக உண்ணும் சீராக்கி போட்டதும் தூக்கச் செலவு நாளுக்கு 2 ஆனது. மொத்தம் 18. பற்றரியில் 420 மட்டும் பயன்படுத்தினாலும் வெயிலே இல்லாமல் மூன்று வாரம் ஓடும்.

முதலில் CN3791 தான் போட்டேன். அதிகபட்ச மின்திறனைத் தேடிப் பிடிக்கும் சார்ஜர் என்று விற்கிறார்கள். உண்மையில் அது தேடுவதில்லை. தகட்டின் மின்னழுத்தத்தை இரண்டு மின்தடைகள் குறித்த ஒரே புள்ளியில் பிடித்து நிறுத்துகிறது:

`V = 1.205 × (1 + R1/R2)`

6 வோல்ட் பலகையில் அந்தப் புள்ளி 6 வோல்ட். தகட்டில் எழுதியிருக்கும் 6 வோல்ட்டோ 25 பாகை வெப்பநிலைக்கு உரியது. கொழும்பு உச்சிவெயிலில் தகடு 60 பாகையைத் தொடும். பாகைக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் குறைந்தால், தகட்டின் சிறந்த புள்ளி 5.2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். சார்ஜர் 6 வோல்ட்டை விடமாட்டேன் என்று நிற்க, தகட்டால் தரக்கூடிய மின்னோட்டத்தில் சிறு பகுதியே பற்றரிக்கு வருகிறது. நான் கண்டுபிடித்தது பதிவுகளைப் பார்த்து: காலையில் ஏறிய பற்றரி மின்னழுத்தம் பதினொரு மணிக்குமேல் தட்டையானது, மேகம் மூடிய நாள்களில் மட்டும் நன்றாக ஏறியது. வெயில் நாளைவிட மந்தார நாள் அதிகம் தந்தால் இந்த நோய்தான். மின்தடையை மாற்றி 5 வோல்ட்டுக்குக் கொண்டுவரலாம். ஆனால் 4.2 வோல்ட் பற்றரிக்கு மேல் கிடைக்கும் இடைவெளி அப்போது மிகக் குறைவு.

TP4056 இவ்வளவு சாமர்த்தியசாலி அல்ல. உபரி மின்னழுத்தத்தை வெப்பமாக்கிவிட்டு, மின்னோட்டத்தை அப்படியே கடத்துகிறது. 5.2 வோல்ட் தகட்டிலிருந்து 3.9 வோல்ட் பற்றரிக்கு இழப்பு கால்வாசி. CN3791 உம் நூறு சதவீதம் அல்லவே. அதன் இழப்பையும் கழித்தால் அதனால் வரும் லாபம் பத்துப் பதினைந்து சதவீதம்தான். என் தேவை 18. ஒரு மணிநேர வெயில் கிடைத்தாலே நூற்றுக்கு மேல் வரும்போது அந்தப் பதினைந்து எதற்கு?

ஒரு திருத்தம் மட்டும் அவசியம். கடைப் பலகையில் சார்ஜ் மின்னோட்டத்தின் உச்சத்தைக் குறிக்கும் மின்தடை 1.2 கிலோஓம் இருக்கும், அதாவது 1 ஆம்பியர். மின்னோட்டம் அதில் பத்தில் ஒன்றுக்கு இறங்கினால் பற்றரி நிறைந்தது என்று சில்லு எண்ணும். மேகத்தில் 80 மில்லி ஆம்பியர் வந்தால் நிறுத்தித் தொடங்கி, நிறுத்தித் தொடங்கித் தடுமாறும். சார்ஜர் பலகையின் இரு விளக்கும் மாறி மாறி மினுக்கினால் அதுவே அடையாளம். 10 கிலோஓம் போட்டதும் உச்சம் 130, நிறுத்தும் எல்லை 13.

TP4056 க்குப் பாதகமும் உண்டு: மலிவுப் பலகைகளில் வெப்பநிலைக் கால் தரையோடு இணைந்திருப்பதால் சூட்டில் நிறுத்தாது. லித்தியம் பற்றரியை 45 பாகைக்குமேல் சார்ஜ் செய்யக்கூடாது என்பதால், தகட்டையே கூரையாக்கி, கீழே மூன்று விரல் காற்றிடைவெளி விட்டுப் பெட்டியைத் தொங்கவிட்டேன். தகட்டைப் பதினைந்து பாகை தெற்கே சாய்த்தேன். ஏழு பாகை அகலக்கோட்டுக்கு அது மிகைதான், ஆனால் மழை தூசியைக் கழுவிவிடும்.

12 வோல்ட் தகடு என்றால் பேச்சே வேறு. TP4056 எட்டு வோல்ட்டுக்குமேல் தாங்காது, அங்கே CN3791 ஐத்தான் எடுக்க வேண்டும். அப்படி ஒன்றை நான் மேசையில் ஒரு வாரம் ஓட்டியதோடு சரி. TP4056 மாடியில் இருப்பதும் ஒரு மழைக்காலமே. இதுவரை திறப்புக் கேட்டுப் போகவில்லை.