டிஸ்கவுண்ட்டில் ஃபியூச்சர்ஸ்: காஸ்ட் ஆஃப் கேரி கணக்கைப் பல வருடம் பயன்படுத்திய அனுபவம்

ஃபியூச்சர்ஸ் விலை ஸ்பாட்டை விடக் குறைவாக இருந்தால் "ஷார்ட் ஏறியிருக்கு, பங்கு விழப் போகுது" என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது ஒருவர் கட்டாயம் எழுதுவார். ஜூன், ஜூலை வந்தால் இது தினசரி நிகழ்ச்சி. அந்த மாதிரி செய்தியைப் பார்த்ததும் நான் ஒரு சின்ன எக்செல் ஷீட்டைத் திறப்பேன். காஸ்ட் ஆஃப் கேரி கணக்கைப் போடுகிற ஷீட் அது. நீண்ட நாள் பயன்படுத்தியதில் அது எங்கே நன்றாக உழைக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று தெரிந்ததை எழுதுகிறேன்.

கணக்கின் அடிப்படை எளிது. எக்ஸ்பைரி அன்று ஒரு பங்கு என் கையில் இருக்க வேண்டும் என்றால் இரண்டு வழி. இன்றே கடன் வாங்கிப் பங்கை வாங்கலாம். வட்டி கட்ட வேண்டும், நடுவில் டிவிடெண்ட் வந்தால் அது எனக்கு. இல்லையென்றால் ஃபியூச்சர்ஸ் வாங்கலாம். வட்டியும் இல்லை, டிவிடெண்டும் இல்லை. (மார்ஜின் பணம் தனிக் கதை, அதை விடுங்கள்.) முடிவில் இரண்டும் ஒரே செலவில் வந்து நிற்க வேண்டும். ஆகவே ஃபியூச்சர்ஸின் நியாய விலை என்பது ஸ்பாட், கூட்டல் வட்டி, கழித்தல் டிவிடெண்ட். புத்தகத்தில் இதை `F = S·e^((r−q)T)` என்று போட்டிருப்பார்கள். q என்பது வருட டிவிடெண்ட் விகிதம். நம் ஊர்த் தனிப் பங்குகளுக்கு அந்த q எனக்கு ஒத்துவரவில்லை. டிவிடெண்ட் தினமும் சொட்டுச் சொட்டாக வருவதில்லை, குறிப்பிட்ட ஒரு நாளில் மொத்தமாக வருகிறது. அதனால் ரூபாயாகவே கழிக்கிறேன்:

```
=B1*(1+B2*B3/365)-B4*(1+B2*(B3-B5)/365)
```

B1 ஸ்பாட், B2 வட்டி, B3 எக்ஸ்பைரிக்கு மீதமுள்ள நாட்கள், B4 டிவிடெண்ட், B5 எக்ஸ்-டேட்டுக்கு மீதமுள்ள நாட்கள். எக்ஸ்-டேட் எக்ஸ்பைரிக்குப் பிறகு வந்தால் B4-ல் பூஜ்யம் போட வேண்டும்.

ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். ஸ்பாட் 400 ரூபாய், எக்ஸ்பைரிக்கு 25 நாள், வட்டி 6.5%. இன்னும் 10 நாளில் 7 ரூபாய் டிவிடெண்டுக்கு எக்ஸ்-டேட். வட்டி மட்டும் சேர்த்தால் 401.78. அதில் 7 ரூபாயையும், அது கைக்கு வந்தபின் மிச்சம் 15 நாளுக்கு ஈட்டும் ஒன்றிரண்டு பைசாவையும் கழித்தால் 394.76. திரையில் ஃபியூச்சர்ஸ் 395.60-க்கு ஓடுகிறது என்று வையுங்கள். வாட்ஸ்அப் கணக்கில் இது 4.40 ரூபாய் டிஸ்கவுண்ட். ஷீட்டின் கணக்கில் நியாய விலைக்கு மேல் 84 பைசா அதிகம்! பங்கு விழும் என்று யாரும் பந்தயம் கட்டவில்லை. சொல்லப்போனால் வாங்குகிறவர்கள்தான் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கிறார்கள்.

இதையே திருப்பிப் போட்டால் இன்னும் தெளிவு. சந்தை விலையான 395.60-ஓடு டிவிடெண்டின் 7.02-ஐச் சேர்த்து 400-ஆல் வகுத்தால், 25 நாளில் 0.655% வருகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 9.6% வட்டி. விலை வித்தியாசத்தை ரூபாயில் பார்ப்பதை நான் நிறுத்தியே ரொம்ப நாளாகிறது. இந்த மறைமுக வட்டிதான் எனக்கு வேண்டிய எண், ஏனென்றால் அதை இன்னொரு பங்கோடும் இன்னொரு மாதத்தோடும் ஒப்பிட முடியும்.

9.6% கிடைக்கிறதே, பங்கை வாங்கி ஃபியூச்சர்ஸை விற்றுவிடலாமே என்று தோன்றும். டெலிவரியில் எஸ்டிடி வாங்கும்போது 0.1%, கொடுக்கும்போது 0.1%. தனிப் பங்கு ஃபியூச்சர்ஸ் இப்போது பணமாகத் தீராமல் பங்காகவே தீர்வதால், எக்ஸ்பைரியில் பங்கை ஒப்படைத்தாலும் அந்த இரண்டாவது 0.1% போகும். 400 ரூபாய்ப் பங்கில் மொத்தம் 80 பைசா. நமக்குக் கிடைத்த அதிகப்படி 84 பைசா. மிச்சம் 4 பைசா, அதில் புரோக்கரேஜ், ஸ்டாம்ப் டூட்டி எல்லாம் அடங்க வேண்டும். அந்த 84 பைசா யாரும் எடுக்காமல் திரையில் கிடந்ததற்குக் காரணம் இதுதான்.

எந்த வட்டியைப் போடுவது என்று ஆரம்பத்தில் பலரும் குழம்புவார்கள். ரெப்போவா, டிரெஷரி பில்லா? அதில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டியதில்லை. மேலே சொன்ன பங்கில் வட்டியை 1% மாற்றினால் நியாய விலை 27 பைசாதான் நகரும். டிவிடெண்டைத் தவறாக வைத்தால் 7 ரூபாய் நகரும். உழைப்பை அங்கே போடுங்கள்.

டிவிடெண்டில் முதல் சிக்கல் 2% விதி. அறிவித்த டிவிடெண்ட் பங்கின் சந்தை விலையில் 2% அல்லது அதற்கு மேல் இருந்தால், நம் எக்ஸ்சேஞ்சுகள் அதை அசாதாரண டிவிடெண்ட் என்று எடுத்துக்கொண்டு ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தையே திருத்தி விடுகின்றன. எக்ஸ்-டேட்டுக்கு முந்தின நாள் தீர்வு விலையிலிருந்து டிவிடெண்ட் முழுவதும் கழிக்கப்பட்டு, மறுநாள் அதுதான் அடிப்படை விலை. ஆப்ஷனில் ஸ்ட்ரைக் விலையும் அதே அளவு இறங்கும். அப்படியானால் ஃபியூச்சர்ஸ் வைத்திருப்பவருக்கு இழப்பு இல்லை, ஆகவே நியாய விலையில் டிவிடெண்டைக் கழிக்கவும் கூடாது, B4 பூஜ்யம்.

அதே 400 ரூபாய்ப் பங்கு 7 ரூபாய்க்குப் பதில் 10 ரூபாய் தருகிறது என்றால் நியாய விலை 401.78-தான். இங்கே 10 ரூபாயைக் கழித்துவிட்டு "ஃபியூச்சர்ஸ் பத்து ரூபாய் அதிகத்தில் ஓடுகிறது, விற்போம்" என்று இறங்குகிறவர்கள் உண்டு. எக்ஸ்-டேட் அன்று பங்கு பத்து ரூபாய் இறங்கும், கையில் டிவிடெண்ட் பத்து வரும், ஷார்ட் பக்கத்தில் ஒன்றும் வராது. வட்டி அளவுக்கு ஏதோ கிடைக்கும், அவ்வளவுதான். அந்த டிவிடெண்டுக்கு வருமான வரி வேறு.

இந்த 2% எந்த விலையில் 2% என்பது முக்கியம். இன்றைய விலை அல்ல. இயக்குநர் குழு டிவிடெண்டை அறிவித்ததற்கு முந்தைய நாள் முடிவு விலை; சந்தை முடிந்தபின் அறிவித்தால் அன்றைய முடிவு விலை. மே மாதம் அறிவித்து ஆகஸ்ட்டில் எக்ஸ் ஆகும் டிவிடெண்டுகள் ஏராளம், அதற்குள் பங்கு எங்கேயோ போயிருக்கும். அறிவித்தபோது பங்கு 340 என்றால் 7 ரூபாய் 2%-ஐத் தாண்டிவிட்டது, ஒப்பந்தம் திருத்தப்படும். 360 என்றால் தாண்டவில்லை, திருத்தம் கிடையாது. இன்றைய 400-ஐ வைத்து வகுத்தால் 1.75% என்று வரும், அதற்கு இங்கே வேலையே இல்லை. சந்தேகமாக இருந்தால் கிளியரிங் கார்ப்பரேஷன் சர்க்குலரைப் பார்த்துவிடுவது நல்லது. திருத்தம் உண்டென்றால் அதில் இருக்கும்.

இரண்டாவது சிக்கல் தேதி. 2023 ஜனவரியில் எல்லாப் பங்குகளும் டி+1 தீர்வுக்கு வந்த பிறகு ரெக்கார்ட் டேட்டும் எக்ஸ்-டேட்டும் பெரும்பாலும் ஒரே நாள் ஆகிவிட்டன, அது சௌகரியம். ஆனால் இறுதி டிவிடெண்டுக்குத் தொகை முதலிலும் ரெக்கார்ட் டேட் பிறகும் வருவது சகஜம். தேதி தெரியாத அந்த இடைவெளியில் டிவிடெண்ட் இந்த மாத ஒப்பந்தத்தில் விழுமா அடுத்ததிலா? நான் பார்ப்பது இரண்டு மாத விலைகளின் வித்தியாசத்தை. ஸ்பாட் 400, இந்த மாதம் 401, அடுத்த மாதம் 396 என்று இருந்தால், டிவிடெண்ட் அடுத்த மாதத்தில்தான் என்று சந்தை எண்ணுகிறது. எக்ஸ்பைரி வாரத்தில் இதைத்தான் சிலர் "டிஸ்கவுண்ட்டில் ரோல்ஓவர், பலவீனம்" என்று எழுதுவார்கள்.

நிஃப்டியிலும் இதே கதை, புள்ளிகளில். நிஃப்டி 50 விலைக் குறியீடு. டிவிடெண்ட் போன பங்குகள் இறங்கினால் குறியீடும் இறங்கும். நிஃப்டி 25,000, ஒரு மாதம், 6.5% என்றால் வட்டி மட்டும் 134 புள்ளி. வருட டிவிடெண்ட் 1.3% என்று வைத்துச் சமமாகப் பிரித்தால் மாதத்துக்கு 27 புள்ளி கழியும், நியாய விலை 25,107. ஆனால் டிவிடெண்டுகள் கோடையின் கடைசியிலும் அதன் பின்னும் கும்பலாக வருகின்றன. அந்த மாதத்தில் 80 புள்ளி வரப்போகிறது என்றால் நியாய விலை 25,054. சந்தை 25,060-ல் இருந்தால், சராசரிக் கணக்குக்காரருக்கு அது 47 புள்ளி மலிவு; எனக்கு 6 புள்ளி அதிகம். பெரிய பத்துப் பதினைந்து பங்குகளின் எக்ஸ்-டேட்டையும் எடையையும் கூட்டினாலே போதுமான துல்லியம் கிடைக்கிறது, ஐம்பதையும் துரத்துவது வீண்வேலை.

குறைகளையும் சொல்ல வேண்டும். டிஸ்கவுண்ட் பக்கம் இந்தக் கணக்கு பலவீனமானது. பிரீமியம் அதிகமானால் பங்கை வாங்கி ஃபியூச்சர்ஸை விற்று யாராவது இறக்கிவிடுவார்கள். உண்மையிலேயே நியாய விலைக்குக் கீழே போனால், பங்கைக் கடன் வாங்கி விற்க வேண்டும். எஸ்எல்பி சந்தையில் பல பங்குகளுக்கு ஆளே இருப்பதில்லை, கிடைத்தாலும் டிவிடெண்டைக் கடன் கொடுத்தவருக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதனால் நிஜமான டிஸ்கவுண்ட் நாள் கணக்கில் அப்படியே கிடக்கும்.

தூர மாத ஒப்பந்தங்களின் முடிவு விலையையும் நம்ப வேண்டாம். கடைசி அரை மணியில் வர்த்தகம் நடக்காவிட்டால் என்எஸ்இ தரப்பில் `F = S·e^(rt)` என்ற சூத்திரத்தில் தீர்வு விலை போடுகிறார்கள். அதில் டிவிடெண்டுக்கு இடமே இல்லை. அந்த எண்ணை ஷீட்டில் போட்டு மறைமுக வட்டி கண்டுபிடித்தால், எக்ஸ்சேஞ்ச் போட்ட வட்டியின் மேல் டிவிடெண்டும் ஏறி அபத்தமாக உயர்ந்து நிற்கும்.

சரி, கிடங்கு வாடகை உள்ள சரக்குகள்? சூத்திரத்தில் டிவிடெண்டைக் கழிக்கிற இடத்தில் வாடகையைக் கூட்ட வேண்டும். தங்கத்துக்கு இது ஒழுங்காக வேலை செய்கிறது, வாடகை சிறிது, இடம் எப்போதும் உண்டு. கச்சா எண்ணெயில் வாடகையே நிலையான எண் அல்ல. 2020 ஏப்ரல் 20-ல் டபிள்யூடிஐ மே ஒப்பந்தம் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. அதே நாளில் ஜூன் ஒப்பந்தம் 20.43. டெலிவரி எடுக்க வேண்டிய குஷிங்கில் டேங்குகளில் இடம் பிடிக்க முடியாத நிலை. ஒரு மாத வித்தியாசம் 58 டாலர், எந்தக் கட்டண அட்டையிலும் அப்படி ஒரு வாடகை கிடையாது. எம்சிஎக்ஸின் ஏப்ரல் ஒப்பந்தமும் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாயில் தீர்க்கப்பட்டது. மறுபக்கம் சரக்குத் தட்டுப்பாடு வந்தால் தூர மாதம் மலிந்துவிடும், வாடகையை எவ்வளவு கூட்டினாலும் சந்தை விலையோடு பொருந்தாது. ஆகவே கச்சா எண்ணெய்க்கு நியாய விலை கண்டுபிடிக்கும் வேலையை நான் செய்வதில்லை. இரண்டு மாத விலைகளை எடுத்து, வட்டியைக் கழித்து, மிச்சத்தை டேங்கில் இடம் எவ்வளவு நெருக்கடி என்பதற்கான அளவாக மட்டும் படிக்கிறேன். பங்குக்கு B4-ஐத் தேடி உள்ளே போடுகிறேன். எண்ணெய்க்கு அந்தக் கட்டம்தான் விடையாக வெளியே வருகிறது.