ஆங்கிலம் முதலில், தமிழ் இரண்டாவதாக: கூகுள் அசிஸ்டன்டை மட்டக்களப்பில் நீண்ட நாள் பாவித்தால் தெரியவருபவை

கூகுள் அசிஸ்டன்டில் தமிழை இரண்டாவது மொழியாகச் சேர்த்ததும் பலர் முதலில் செய்வது, அதைத் தமிழில் கூப்பிட்டுப் பார்ப்பது. அது நடக்காது. எந்த மொழியைச் சேர்த்தாலும் கூப்பிடும் சொல் Hey Google அல்லது Ok Google தான். "வணக்கம் கூகுள்" என்று நாள் முழுக்கச் சொன்னாலும் போன் சும்மாதான் கிடக்கும். மாறுவது கூப்பிட்ட பிறகு வருவதுதான்: எந்த மொழியில் கேட்கிறது, எந்த மொழியில் பதில் சொல்கிறது, எதை வாயால் சொல்கிறது, எதைத் திரையில் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கிறது.

இங்கே எழுதியிருப்பது பழைய அசிஸ்டன்ட் உள்ள அண்ட்ரொய்ட் போன்களுக்கு. அதைத் தன் புதிய உதவியாளரான ஜெமினிக்கு மாற்றப்போவதாக 2025 மார்ச்சில் கூகுள் அறிவித்தது. ஆனால் அண்ட்ரொய்ட் 10க்குக் கீழே உள்ளவற்றுக்கும் 2 ஜிபி ரேம் இல்லாதவற்றுக்கும் ஜெமினி வராது. அப்படியான போன்கள் நம் பக்கம் இன்னும் நிறையக் கைகளில் இருக்கின்றன.

மொழியைச் சேர்க்கும் வழி இதுதான். Google ஆப்பைத் திறந்து மேலே உங்கள் படத்தைத் தொட்டு Settings, அதற்குள் Google Assistant, அதற்குள் Languages. ஏற்கனவே உள்ள மொழிக்குக் கீழே Add a language என்று இருக்கும். அதில் தமிழைத் தெரிவு செய்யலாம். முதல் மொழியாக English (India) வைத்திருப்பது நல்லது. அமெரிக்க ஆங்கிலத்தை விட நம் ஆட்களின் பெயர்களும் உச்சரிப்பும் அதற்குப் பழக்கம். அம்பாறைப் பக்கத்தில் சிங்களத்தையும் சேர்க்கலாமா என்று தேடுபவர்கள் உண்டு. அசிஸ்டன்டின் பட்டியலில் சிங்களம் இல்லை. விசைப்பலகையின் குரல் தட்டச்சில் சிங்களம் இருக்கிறது, ஆனால் அது வேறு வேலை.

தமிழை முதலாவதாகவும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம், ஆனால் பெரிய இலாபம் இல்லை. எந்த வரிசையில் இருந்தாலும் இரண்டு மொழியிலும் கேட்கும். ஆங்கிலத்தில் மட்டும் உள்ள வசதிகள் முதல் மொழி தமிழானதும் காணாமல் போகலாம். அதோடு, முதல் மொழியை மாற்றும்போது Voice Match, அதாவது உங்கள் குரலை அடையாளம் வைத்திருக்கும் பகுதி, அணைந்து போகவும் மறுபடி பழக்கச் சொல்லிக் கேட்கவும் கூடும். "தமிழ் போட்டதிலிருந்து கூப்பிட்டால் எழும்புவதில்லை" என்ற முறைப்பாட்டில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அதே Google Assistant பக்கத்தில் Hey Google & Voice Match என்பதைத் திறந்து, மேலே உள்ள சுவிட்ச் போட்டபடி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தும் எழும்பவில்லையென்றால் Voice model, பிறகு Retrain voice model.

பழக்கும்போது வானொலி அறிவிப்பாளர் மாதிரிச் சொல்ல வேண்டாம். நாளாந்தம் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே சொல்லுங்கள். நம்மில் பலருடைய வாயில் Hey என்பது "ஏய்" ஆகிவிடும், முன்னால் உள்ள மூச்சு விழுந்துவிடும். அப்படிச் சொல்பவருக்கு Ok Google நன்றாக வேலை செய்யும், நடுவில் உள்ள அழுத்தமான "கே" காற்றிலும் தப்பிவிடுகிறது. கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிளில் போகும்போது இரண்டுமே சிரமம்தான். அது மொழியின் குறையல்ல, மைக்கில் அடிக்கும் காற்று.

மொழிக்குச் சம்பந்தமில்லாத ஒரு காரணமும் அடிக்கடி மாட்டும். பற்றரி சேவர் போட்டிருந்தால் கூப்பிடும் சொல்லைக் கேட்பது நின்றுவிடும். மாலையில் சார்ஜ் குறைந்து சேவர் தானாக விழுந்திருக்கும், காலையில் சேர்த்த தமிழ்மேல் பழி போகும்.

எழும்பிய பிறகு நடப்பது இன்னொரு கட்டம். கூப்பிடும் சொல்லைப் போன் தானாகவே, டேட்டா இல்லாமலே கண்டுபிடிக்கிறது. அதற்குப் பின் சொல்லும் தமிழ் வாக்கியத்துக்கு டேட்டா வேண்டும். எனவே திரையில் அசிஸ்டன்ட் எழும்பி, பிறகு ஒன்றும் நடக்காமல் போனால், கூப்பிட்டதில் பிழையில்லை, சிக்னலைப் பாருங்கள். பொத்துவில் தாண்டிப் போகும்போது இது சாதாரணம்.

இரு மொழி வசதி 2018 ஆகஸ்டில் வந்தபோது கூகுளின் ஆய்வாளர்கள் அது வேலை செய்யும் விதத்தை விளக்கியிருந்தார்கள். நீங்கள் பேசும் வாக்கியத்தை இரண்டு மொழிக் கேட்பான்களும் ஒரே நேரத்தில் கேட்கின்றன. இது எந்த மொழி என்று ஊகிக்கும் பகுதி தனியாக ஓடுகிறது. கடைசியில் ஒரு மொழியின் விடை மட்டும் எடுக்கப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியது "ஒரு வாக்கியத்துக்கு ஒரு மொழி" என்பதை. அடுத்த வாக்கியத்தில் மொழியை மாற்றலாம், ஒரே வாக்கியத்துக்குள் பாதியில் மாற்றினால் ஏதாவது ஒரு பாதி கெடும். நாம் பேசுவதோ பாதிக்குப் பாதி ஆங்கிலம் கலந்துதான். தமிழில் புழங்கிவிட்ட "அலாரம்", "போன்" போன்றவை சிக்கலில்லை. முழு ஆங்கிலச் சொற்றொடரை நடுவில் செருகுவதுதான் சிக்கல்.

ஒரு அழைப்பை எடுத்துப் பார்ப்போம். போனில் பெயர் Kalmunai Periyappa என்று ஆங்கில எழுத்தில் சேமிக்கப்பட்டிருக்கிறது. கூப்பிட்டுவிட்டு "கல்முனை பெரியப்பாக்குக் கோல் எடு" என்று சொன்னால், திரையில் வரும் எழுத்தைப் பாருங்கள். அழைப்புப் போகாவிட்டால் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். ஆங்கில எழுத்தில் ஏதாவது வந்தால் மொழி ஊகம் பிழைத்துவிட்டது. தமிழ் எழுத்தில் வேறு ஏதோ வந்தால் காது பிழைத்துவிட்டது. சொன்னது அப்படியே தமிழில் வந்தும் அழைப்புப் போகாவிட்டால், கேட்டது சரி, கட்டளைதான் விளங்கவில்லை அல்லது பெயர் பொருந்தவில்லை.

மூன்றாவதுதான் நம் பக்கத்தில் அதிகம். அசிஸ்டன்டின் தமிழ் இந்தியத் தமிழ். அங்கே "கால் பண்ணு", இங்கே "கோல் எடு". அது நாம் சொல்லும் கோலைத் தடி என்று நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது. "கால்" என்று வாயைக் கோணத் தேவையில்லை. "பெரியப்பாவை அழை" அல்லது "பெரியப்பாவுக்குப் போன் பண்ணு" என்றால் போதும், இரு கரைக்கும் பொதுவானவை. டோர்ச்சுக்கும் இதே வழி: "லைட்டைப் போடு".

பெயர் பொருந்தாததற்கு மருந்து தொடர்புகளில் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் உள்ள பெயரையும் தமிழில் கேட்ட பெயரையும் பொருத்த அது முயலும், குறுகிய பெயரென்றால் அநேகமாக வெல்லும். நீண்ட பெயர், ஊரும் உறவும் சேர்ந்த பெயர், இரண்டு விதமாக எழுதக்கூடிய பெயர் என்றால் தடுமாறும். அந்தத் தொடர்பைத் திருத்தப் போய் கீழே உள்ள மேலதிக இடங்களைத் திறந்தால் Nickname என்ற கட்டம் வரும். அதில் தமிழ் எழுத்தில் "பெரியப்பா" என்று மட்டும் போடுங்கள். கல்முனையிலும் களுவாஞ்சிக்குடியிலும் ஆளுக்கொரு பெரியப்பா இருந்தால் "கல்முனைப் பெரியப்பா" என்று வேறாக்குங்கள். எல்லாத் தொடர்புக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. கைகள் ஓயாத நேரத்தில் அழைக்கும் ஐந்தாறு பேருக்குப் போதும்.

திரையைப் பார்க்கத் தவறிவிட்டால் பிறகும் பார்க்கலாம். உலாவியில் myactivity.google.com திறந்து, Assistant என்று வடிகட்டினால் அது கேட்டதாக நினைத்த வாக்கியங்கள் நேரத்தோடு இருக்கும். Web & App Activity அணைத்திருந்தால் அந்தக் காலத்தில் சொன்னவை இதில் பதிவாகாது.

நேரம் சொல்வதில் இன்னொரு கவனம். "விடிய அஞ்சரைக்கு எழுப்பு", "பின்னேரம் நாலு மணிக்கு ஞாபகப்படுத்து" என்பவை நமக்கு ஐயமற்ற வாக்கியங்கள். அந்தச் சொல்லை அது பிடிக்கத் தவறினால் நாலு மணி மட்டும் மிஞ்சும், விடியற்காலை நாலாகவும் அது எடுக்கலாம். "காலை ஐந்தரை", "மாலை நான்கு" என்று சொல்லிப் பழகுவது பாதுகாப்பு. சொன்னபின் திரையில் AM, PM பார்க்காமல் படுக்க வேண்டாம், முக்கியமாகப் பரீட்சைக் காலத்தில்.

பதில் விஷயத்துக்கு வருவோம். தமிழில் கேட்டால் தமிழில் பதில், ஆங்கிலத்தில் கேட்டால் ஆங்கிலத்தில். மட்டக்களப்பில் இன்றைக்கு மழை வருமா, இப்போது மணி என்ன, 18ஐ 45ஆல் பெருக்கினால் எவ்வளவு என்பவற்றுக்குத் தமிழ்க் குரல் சரளமாகவே சொல்கிறது. குரலைத் தெரிவு செய்ய ஆங்கிலத்தில் உள்ள அளவு வகை தமிழில் இல்லை. பொது அறிவுக் கேள்விகளில்தான் வித்தியாசம் தெரியும். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் வாசித்துக் காட்டும் கேள்விக்குத் தமிழில் இணையப் பக்கங்களை மட்டும் திரையில் அடுக்கிவிட்டு நிறுத்திவிடும். வண்டி ஓட்டுபவருக்கு அது பதிலே இல்லை, அந்த மாதிரிக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்பதே நல்லது.

மழைக்கே கூடச் சத்தம் வரவில்லையென்றால் மொழியை விட்டுவிட்டு மீடியா சத்தத்தைப் பாருங்கள். பெரும்பாலான போன்களில் பதில் அந்த அளவில்தான் வருகிறது, ரிங்டோன் அளவில் அல்ல.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதும் குறுஞ்செய்திகளை வாசிக்கச் சொன்னால் ஏமாற்றம்தான். "enga nikkiringa" என்பதை ஆங்கிலக் குரல் ஆங்கிலமாக வாசிக்கும், காதில் விழுவது எந்த மொழியும் இல்லை. தமிழ் எழுத்தில் வந்த செய்திக்கு இந்தத் தொல்லை இல்லை.

கூகுள் மேப்ஸின் வழிகாட்டும் குரல் இதனுடன் மாறாது. தமிழில் "ஏறாவூருக்கு வழி காட்டு" என்று கேட்டு, பிறகு திருப்பங்களை ஆங்கிலத்தில் கேட்பது அதனால்தான். மேப்ஸின் Settings, Navigation பகுதியில் குரலைத் தெரிவு செய்யும் இடம் தனியாக உண்டு. தமிழ் 2018இலிருந்து அங்கே இருக்கிறது. அந்தக் குரல் தமிழ் எழுத்தில் உள்ள ஊர்ப் பெயர்களை ஒழுங்காகச் சொல்லும். வரைபடத்தில் ஆங்கிலத்தில் மட்டும் பதியப்பட்ட ஒழுங்கைகளையும் கடைகளையும் சொல்லும்போது குழறும், அவற்றுக்குத் திரையையே பாருங்கள்.